எல்.கே.ஜி. சேர்க்கை: பார்வை நாள் முதல் கடைசி அழைப்பு வரை

தாளாளர் அழைத்து, "இந்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்க்கையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அலுவலகத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் பிளக்ஸ் என்கிறார், இன்னொருவர் ஆட்டோவில் ஒலிபெருக்கி என்கிறார், மூன்றாமவர் உள்ளூர் கேபிளில் விளம்பரம் என்கிறார். தஞ்சை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரின் மெட்ரிக் பள்ளியில் நான் இந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். விளம்பரம் போதாமல் நாங்கள் இழந்த பிள்ளைகள் குறைவு. கேட்டு வந்தவர்களைத் திரும்பக் கூப்பிடாமல் இழந்த பிள்ளைகள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பிளக்ஸுக்கு இரண்டு வரி, முன் அலுவலக மேசையில் கிடக்கும் என்கொயரி நோட்டுக்கு இருபது வரி என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

முதலில் கணக்கு: உண்மையில் எத்தனை இடம்?

இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 30 குழந்தைகள், ஆக 60 இடம் என்று வைத்துக்கொள்வோம். இந்த 60-ஐயும் நிரப்ப வேண்டும் என்று நினைத்துப் புதியவர்கள் பதறுவார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். அது 15 இடம். அந்த விண்ணப்பங்கள் அரசின் இணையவழியில் வரும். கூடுதலாக வந்தால் குலுக்கல் நடக்கும். உங்கள் பிரசாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்து, ஏற்கெனவே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள். இவர்களை எண்ணுவதற்கு ஒரே வழி, ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "வீட்டில் மூன்று வயதை நெருங்கும் குழந்தை இருக்கிறதா?" என்று பிள்ளைகளின் டைரி வழியாகக் கேட்டு வாங்குவது. 14 பேர் தேறினார்கள் என்று வைத்துக்கொண்டால், மீதி 31. இந்த 31 குழந்தைகளுக்காகத்தான் இத்தனை வேலையும்.

இனி போன ஆண்டு நோட்டைப் புரட்டுங்கள். என் நோட்டுகளில் ஒன்றில் இப்படி இருந்தது: கேட்டவர்கள் 110, பள்ளியை நேரில் வந்து பார்த்தவர்கள் 64, விண்ணப்பம் வாங்கியவர்கள் 38, கட்டணம் செலுத்தியவர்கள் 29. பார்க்க வந்தவர்களில் பாதிக்கு நெருக்கமாகச் சேர்ந்துவிட்டார்கள். அதில் பெரிய குறை இல்லை. ஆனால் கேட்டவர்களில் 46 பேர் வாசலையே மிதிக்கவில்லை. அவர்களில் 17 பேருக்கு நோட்டில் தொலைபேசி எண் மட்டும் இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, யார் எடுத்துப் பேசினார்கள் என்பதும் இல்லை. இன்னும் 20 பிளக்ஸ் வைத்திருந்தால் இன்னும் இப்படிப்பட்ட எண்கள்தான் சேர்ந்திருக்கும்.

நோட்டைத் திருத்துவது

பெற்றோரைப் பள்ளியைப் பார்க்க அழைக்கும் பார்வை நாளுக்கு முன்பே நோட்டு சரியாகியிருக்க வேண்டும். கணினியில் வைத்தாலும் சரி, கோடு போட்ட நீள நோட்டில் வைத்தாலும் சரி. ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கட்டங்கள் குறைவாக இருக்கட்டும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரில் பேசியவர் பெயர், எண், வேன் எங்கே வந்து ஏற்ற வேண்டும், எப்போது கூப்பிட்டால் பேச வசதி, அவர்கள் கேட்ட கேள்வி. கடைசியில் இரண்டு கட்டங்கள்: அடுத்து யார் கூப்பிட வேண்டும், எந்தத் தேதியில்.

பிறந்த தேதியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகஸ்டில் பிறந்த குழந்தைக்கு இந்த ஆண்டு இடமில்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் உங்களை நம்பும். அடுத்த ஆண்டு அவர்களாகவே வருவார்கள். மூன்று முறை வரவழைத்துவிட்டு நான்காம் முறை சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லுவார்கள்.

"கேட்ட கேள்வி" என்ற கட்டத்தை நிறைய பேர் விட்டுவிடுவார்கள். பின்தொடர்வதற்கு அதுதான் கைப்பிடி. "கட்டணம் கேட்டார்" என்று எழுதினால் பயனில்லை. "கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாமா என்று கேட்டார், தை அறுவடைக்குப் பிறகுதான் கையில் பணம் வருமாம்" என்று எழுதினால் அடுத்த அழைப்பில் பேச விஷயம் இருக்கும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. பெற்றோரின் படிப்பு, மாத வருமானம், ஆங்கிலம் பேசுவார்களா என்பதெல்லாம் வேண்டாம். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை. "சும்மா பேசிப் பார்க்கிறோம், பாப்பாவுக்கு ரைம்ஸ் தெரியுமா?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பதும் வடிகட்டலாகத்தான் பார்க்கப்படும்.

தொலைபேசி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு ஆண்டு எங்கள் பிளக்ஸ்களில் முன் அலுவலகத்தில் இருந்த ஊழியரின் சொந்தக் கைப்பேசி எண்ணைப் போட்டுவிட்டோம். அவர் ஏப்ரலில் வேலையை விட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டார். எங்கள் பிளக்ஸைப் பார்த்துக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அவர் அந்தப் பள்ளியைப் பற்றி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது அவருடைய எண். சிம் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும், கைப்பேசி மாலையில் பள்ளி மேசையிலேயே இருக்க வேண்டும், தவறவிட்ட அழைப்புகளை மறுநாள் காலை 9 மணிக்கு முன் ஒருவர் திரும்பக் கூப்பிட வேண்டும். பிளக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அதில் இருக்கும் எண் உங்களுடையதாக இருக்கட்டும், சாலையோரம் அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள்.

மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புகிறேன் என்று யாராவது வந்தால், மொத்தச் செய்தி அனுப்புவோரைப் பதிவு செய்யும் டி.எல்.டி. தளத்தில் உங்கள் பள்ளி பதிவாகியிருக்கிறதா, செய்தியின் வாசகம் அங்கே ஒப்புதல் பெற்றதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும் எல்.கே.ஜி. பெற்றோர் அதைப் பார்த்து வந்ததாக என் நோட்டில் ஒரு பதிவும் இல்லை.

எந்த நாள்?

இது நம் ஊரில் சேர்க்கைப் பணியின் பாதி. விஜயதசமிக்கு எழுத்தறிவித்தல் வைத்தால் மூன்று வயதுக் குழந்தைகளின் குடும்பங்கள் தாமாக வருவார்கள். அன்று எதையும் விற்காமல், பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நவம்பரில் டெல்டாவில் மழை, வளாகத்தில் சேறு. மார்கழியில் வந்து பார்ப்பார்கள், ஆனால் பணம் கட்ட மாட்டார்கள். "தை பிறக்கட்டும்" என்பார்கள். அதை மறுப்பு என்று எண்ணி நோட்டில் அடித்துவிடாதீர்கள். ஆகவே பார்வை நாளைப் பொங்கல் முடிந்து இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் வைப்பது எங்கள் பகுதிக்குச் சரியாக வந்தது. சம்பா அறுவடைப் பணமும் அதை ஒட்டித்தான் வரும்.

நாங்கள் முதலில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வைத்தோம். கூட்டம் வந்தது, சுற்றிப் பார்த்தார்கள், விண்ணப்ப மேசைப் பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை. அலுவலக உதவியாளர்தான் சிரித்துக்கொண்டே சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் காட்டினார்: சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை ராகு காலம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அன்று ராகு காலம் மாலை 4.30-க்குத்தான், எமகண்டம் பகல் 12-க்குத் தொடங்குகிறது. காலை 9.30 முதல் 12 வரை தடையில்லை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. குழந்தையின் முதல் பள்ளிக் கட்டணத்தை அஷ்டமியில் கட்டத் தாத்தா விடமாட்டார். நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்றும் பாருங்கள். முகூர்த்த நாளில் வைத்தால் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள்.

விண்ணப்பம் வழங்கத் தொடங்குவதற்கு முன், அந்த ஆண்டு சேர்க்கைத் தேதி பற்றித் துறையின் சுற்றறிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க அழைப்பது வேறு, சேர்ப்பது வேறு.

பார்வை நாள்

மேடை, பட்டுச்சேலை, குத்துவிளக்கு, அரை மணி நேர உரை என்று நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காராது; அது அழ ஆரம்பித்ததும் அம்மா வெளியே வந்துவிடுவார்; நீங்கள் பேச வேண்டிய ஆள் அந்த அம்மாதான். மேடையை விட்டுவிடுங்கள். குடும்பங்களை எட்டு எட்டாக, அரை மணிக்கு ஒரு குழுவாக வரச் சொல்லுங்கள். காலை 9.30 முதல் 12-க்குள் ஐந்து குழுக்கள், 40 குடும்பங்கள். அதற்கு மேல் பெயர் கொடுத்தவர்களுக்கு இன்னொரு ஞாயிறு.

சுற்றிக் காட்டுவது முதல்வரோ நானோ இல்லை. ஜூன் மாதம் அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகும் எல்.கே.ஜி. ஆசிரியை. அவரும் ஆயாவும் வகுப்பறையில் இருக்க வேண்டும். வகுப்பறையை அன்றைக்கென்று அலங்கரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வரைந்து ஒட்டியது அப்படியே இருக்கட்டும். வகுப்பில் மணல் தொட்டியும் கட்டைகளும் வைத்து, குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் பெற்றோரிடம் பேசுவது நல்லது. குழந்தை அழாமல் பத்து நிமிடம் விளையாடியதை அம்மா பார்த்துவிட்டால், அதற்குமேல் நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து கழிவறை. எந்தப் பள்ளியும் சுற்றிக் காட்டும்போது இதைச் சேர்ப்பதில்லை. எந்த அம்மாவும் இதைப் பார்க்காமல் போவதில்லை. ஒரு ஞாயிறு நான் தாழ்வாரத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி குழந்தைக்கு அவசரம் என்று சொல்லிக் கழிவறைக்குள் போனார். குழந்தையை இறக்கிவிடவில்லை. குனிந்து குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வந்தது. கதவுத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். சின்னக் குழந்தை உள்ளே பூட்டிக்கொள்ளுமே என்ற பயம். பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆயாவிடம், "பிள்ளைக்கு நீங்கள்தான் கழுவிவிடுவீர்களா அக்கா?" என்று கேட்டார். ஆயா, "நான்தான் அம்மா, எல்லாப் பிள்ளைக்கும்" என்றார். அந்தக் குடும்பம் அடுத்த புதன்கிழமை பணம் கட்டியது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து கழிவறையை நாங்களே முதலில் காட்டினோம், உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு.

மூன்றாவது நிறுத்தம் வேன். வேனை வளாகத்தில் நிறுத்தி, ஓட்டுநரும் உதவியாளரும் பக்கத்தில் நிற்கட்டும். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பெரிய எழுத்தில் ஒரு தாள். ஓட்டுநரை ஏற்கெனவே தெரிந்த குடும்பம் ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும்; அவர்கள் பேசிக்கொள்ளும்போது நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு நிழலில் பத்து நாற்காலி, தண்ணீர், மோர். முடிவெடுப்பவர் பல வீடுகளில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் படங்களை வாசலில் வரிசையாக வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் மாநில அளவில் இடங்களை அறிவிப்பதே 2017-இல் நின்றுவிட்டது. மூன்று வயதுக் குழந்தையின் அம்மாவுக்கு அந்தப் படங்கள் பன்னிரண்டு ஆண்டு தள்ளி இருக்கும் விஷயம். வைப்பதாக இருந்தால் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள்.

கடைசி நிறுத்தம் கட்டண மேசை. இங்கேதான் தனியார் பள்ளிகள் தங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கின்றன. "அதை அலுவலகத்தில் சொல்லுவார்கள்", "சேரும்போது சொல்கிறோம்" என்ற பதில்கள் கூடவே கூடாது. ஒரே தாள் அச்சடியுங்கள். கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை முதல் வரியில் இருக்கட்டும். 2009-இல் வந்த தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அதற்கு மேல் வாங்க முடியாது. வேன், புத்தகம், சீருடை ஆகியவை தனித் தனி வரிகளில். எந்தெந்த மாதத்தில் எவ்வளவு என்பது அடுத்தது. தாளின் அடியில் முத்திரை. இந்தத் தாளைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்களே என்று தாளாளர் கவலைப்படுவார். காட்டட்டும். கையில் தாள் இருக்கும் பள்ளியின் கட்டணம் நம்பக்கூடியது; வாய்வார்த்தையாகச் சொன்ன பள்ளியின் கட்டணம் சந்தேகத்துக்குரியது. பெற்றோர் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள்.

அன்று கிளம்பும்போது யாரையும் முடிவு சொல்லும்படி கேட்காதீர்கள். "இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்று சொன்ன ஆண்டு எங்களுக்கு ஐந்து பேர் கட்டினார்கள். அதில் இரண்டு பேர் மே மாதத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றார்கள்.

பின்தொடர்வது

அன்று மாலை, வீட்டுக்குப் போகும் முன், சுற்றிக் காட்டிய ஆசிரியைகளை உட்காரவைத்து நோட்டை நிரப்புங்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாற்பது குடும்பமும் ஒரே முகமாகிவிடும். அன்று இரவு பள்ளி எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: வந்ததற்கு நன்றி, வேன் நேரத் தாளின் படம், கேள்வி இருந்தால் இந்த எண். குழந்தையின் பெயர் அதில் இருக்க வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் புதிய வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். ஒருவரின் எண் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் போய்விடும். சீருடைக் கடைக்காரர் கேட்டாலும் பட்டியல் வெளியே போகக் கூடாது.

முதல் அழைப்பு இரண்டு நாளுக்குள். சுற்றிக் காட்டிய அதே ஆசிரியை கூப்பிட வேண்டும். காலை 10.30 முதல் 11.30 வரை அம்மாக்களுக்கு வசதி. அப்பாதான் பேச வேண்டும் என்றால் இரவு 7-க்குப் பிறகு. இந்த அழைப்பில் "சேர்கிறீர்களா?" என்று கேட்கக் கூடாது. அவர்கள் விட்டுப்போன கேள்விக்குப் பதிலோடு போக வேண்டும். ஒரு பேச்சு இப்படி நடந்தது:

"வணக்கம் அம்மா, பள்ளியிலிருந்து பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பா மணலில் விளையாடியபோது பக்கத்தில் இருந்தேனே, அந்த மிஸ்."

"ஆமாம் மிஸ், சொல்லுங்கள்."

"தவணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல்வரிடம் பேசிவிட்டேன். ஜூன், அக்டோபர், பிப்ரவரி என்று மூன்றாகக் கட்டலாம். எழுத்தில் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்."

"அனுப்புங்கள் மிஸ். ஆனால் மாமாவிடம் கேட்க வேண்டும், அவர் இன்னொரு பள்ளியையும் பார்க்கச் சொல்கிறார்."

"பாருங்கள் அம்மா, பார்த்துவிட்டே சொல்லுங்கள். அடுத்த வாரம் எந்த நாள் கூப்பிடட்டும்?"

"புதன்கிழமை."

நோட்டில் எழுத வேண்டியது: தவணைத் தாள் அனுப்பப்பட்டது, மாமனார் முடிவு, இன்னொரு பள்ளி பார்க்கிறார்கள், புதன், 11 மணி. அவர் சொன்ன நாளில் கூப்பிடுவதால் அது தொந்தரவு ஆகாது. சொன்ன நாளில் கூப்பிடாமல் விட்டால், "இப்போதே இப்படியென்றால் சேர்த்த பிறகு எப்படியோ" என்று நினைப்பார்கள். அந்த இன்னொரு பள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அங்கே அவர்களின் சொந்தக்காரர் வேலை பார்ப்பார்.

இரண்டாவது அழைப்பு அவர் குறித்த நாளில். மூன்றாவது, உண்மையான ஒரு செய்தி இருக்கும்போது மட்டும்: வேன் தடம் முடிவானது, விண்ணப்பக் கடைசி நாள், இருக்கும் இடங்கள் எட்டு. எட்டு என்றால் எட்டாகவே இருக்க வேண்டும். "இரண்டே இடம்தான்" என்று பொய் சொல்லிவிட்டு ஜூன் மாதம் பாதி வகுப்பு காலியாக இருந்தால் அந்த ஊரில் மறுபடி அதைச் சொல்ல முடியாது. மூன்றுக்குப் பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுக்காத எண்ணை இரண்டு வேறு நேரங்களில் முயன்றுவிட்டு, ஒரு செய்தியோடு விட்டுவிடலாம். ஒரே அம்மாவை ஒரே நாளில் முதல்வர், நான், வேன் பொறுப்பாளர் மூவரும் கூப்பிட்ட அவமானமும் எங்களுக்கு நடந்திருக்கிறது. "அடுத்து யார்" என்ற கட்டம் அதற்குப் பிறகுதான் நோட்டில் ஏறியது.

"யோசிக்கிறோம்" என்றால் என்ன?

வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மாலை என்று வையுங்கள், நோட்டில் "யோசிக்கிறோம்" என்று இருப்பவர்களை மட்டும் எடுத்து, அவர்கள் கேட்ட கேள்விகளை வரிசையாகப் படியுங்கள். ஒரு பிப்ரவரியில் அப்படிப் படித்தபோது எட்டுப் பேர் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றையேதான்: வேன் ஊருக்குள் வருமா? எங்கள் வேன் அந்த ஊருக்கு 4 கிலோமீட்டர் முன்பே, பிரதான சாலையில் திரும்பிவிடும். மூன்று வயதுக் குழந்தையை யார் அவ்வளவு தூரம் கொண்டுவந்து ஏற்றுவார்கள்? தனித் தனியாகப் பார்த்தபோது எட்டு "யோசிக்கிறோம்". சேர்த்துப் பார்த்தால் ஒரே பிரச்சினை.

கணக்குப் போட்டோம். காலையில் போய்வர 8 கிலோமீட்டர், மாலையில் 8, ஆக நாளுக்கு 16. வேன் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும்; டீசல் நாளுக்கு 150 ரூபாய், மாதம் 22 நாளுக்கு 3,300. எட்டுப் பிள்ளைகளின் வேன் கட்டணம் தலைக்கு 900 என்றால் 7,200. செலவு கட்டுப்படியாகும். ஆனால் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. வேனில் அனுமதிக்கப்பட்ட இருக்கைகளில் எட்டு காலியா? ஏற்கெனவே ஏறும் பிள்ளைகள் எவ்வளவு நேரம் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும்? இருக்கை இருந்தது. அந்தத் தடத்தில் முதலில் ஏறிக்கொண்டிருந்த குழந்தையின் நேரமும் மாறாதபடி, புது ஊரிலிருந்து 7.25-க்குக் கிளம்புவது என்று வைத்தோம். பிறகு எட்டுப் பேரையும் கூப்பிட்டு, "வேன் கோயில் வாசலுக்கு வரும், 7.25-க்கு" என்று சொன்னோம். ஆறு பேர் சேர்ந்தார்கள். ஆறு பேர் என்றாலும் 5,400 ரூபாய், தடம் நின்றது.

இதேபோல் "யோசிக்கிறோம்" என்பதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு காரணம் இலவச ஒதுக்கீடு. 25 விழுக்காட்டில் விண்ணப்பித்துவிட்டு, அல்லது விண்ணப்பிக்கக் காத்துக்கொண்டு இருப்பார்கள். அதை வெளியே சொல்லத் தயங்குவார்கள். அவர்களை நெருக்காதீர்கள். சான்றிதழ்கள் என்னென்ன வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதே நேரம், அந்த அறிவிப்பு எப்போது வரும் என்று நீங்கள் உறுதி கொடுக்காதீர்கள். 2025-26 கல்வி ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சேர்க்கை, மத்திய அரசின் நிதி வராத காரணத்தால் தள்ளிப்போய், பள்ளி திறந்து பல மாதம் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. பணம் கட்டிச் சேர்த்துவிட்டுப் பிறகு ஒதுக்கீடு கிடைத்தால் கட்டிய பணம் என்ன ஆகும் என்று கேட்பார்கள். அந்தப் பதிலைத் தாளாளரிடமிருந்து முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சேர்க்கையும் நோட்டை மூடுவதும்

"சேர்க்கிறோம்" என்று சொன்னவர் பணம் கட்டும்வரை அவர் கேட்டவர்தான். விண்ணப்பத்துக்கும் கட்டணத்துக்கும் உடனே ரசீது கொடுங்கள். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்றால் அதற்காகச் சேர்க்கையை மறுக்காதீர்கள்; வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு வாங்கிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஏற்றிக்கொள்ளலாம். எழுத்துப் பிழையை அப்போதே பாருங்கள். பெயரின் முன்னெழுத்து தவறாக ஏறிவிட்டால் பிறகு அலைச்சல் அந்த அம்மாவுக்குத்தான்.

பணம் கட்டியதற்கும் பள்ளி திறப்பதற்கும் நடுவில் மூன்று நான்கு மாதம் இருக்கிறது. இந்த இடைவெளியிலும் பிள்ளைகள் நழுவுவார்கள். மே மாதத்தில் ஒரு முறை ஆசிரியை கூப்பிட்டு, குழந்தை என்ன சாப்பிடும், தூங்கும் நேரம் என்ன, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். முதல் நாள் அழும் குழந்தையை வீட்டுப் பெயரில் கூப்பிடுவதற்கு அது உதவும்.

ஜூன் இரண்டாம் வாரத்தில், சேராதவர்கள் ஒவ்வொருவருக்கும் நேராக ஒரே சொல்லில் காரணம் எழுதுங்கள்: கட்டணம், வேன், வயது, வேறு பள்ளி, ஒதுக்கீடு, தெரியவில்லை. "தெரியவில்லை" என்பது பத்தைத் தாண்டினால் பின்தொடர்தலில் எங்கோ ஓட்டை இருக்கிறது; முதல் அழைப்புகளின் தேதிகளைப் பாருங்கள், பெரும்பாலும் நாலைந்து நாள் தாமதித்திருக்கும். பிறகு புது நோட்டு ஒன்றை எடுத்து, வயது போதாமல் போன ஆகஸ்ட், செப்டம்பர்க் குழந்தைகளின் பெயர்களையும், பார்வை நாளன்று அம்மாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைகளின் பிறந்த தேதிகளையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.